சிரிப்பு முகம் எந்த வரியில் நிற்கலாம்?

*ஐயா, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு மாதமாக ஜூனியர் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் லண்டன் பையர் ‘தேங்க்ஸ்!’ என்றும் 😊 போட்டும் எழுதுவார். நானும் அதேபோல் பதில் எழுதினேன். ‘இது வாட்ஸ்அப் இல்லை’ என்று மேனேஜர் திட்டினார். ‘டோன்ட்’, ‘கான்ட்’ என்று சுருக்கி எழுதுவதே மரியாதைக் குறைவு என்கிறார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பையர், ‘எல்லாம் சரிதானே?’ என்று கேட்கிறார்! ஜெர்மன் பையர் ஒருவரும் இருக்கிறார். அவருக்கும் இதே முறையா? இப்போது ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போவதைச் சொல்ல ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.*
*— வாசகி, திருப்பூர்*

உங்கள் மேனேஜர் சொல்வது பாதி சரி. மெயில் முழுவதற்கும் ஒரே சட்டம் போடுகிறாரே, அங்கேதான் தவறுகிறார். பையருக்குப் போகும் எந்த மெயிலிலும் இரண்டு வகை வரிகள் கலந்திருக்கும். ஒன்று, பேச்சு வரி: நன்றி, நலம் விசாரிப்பு, சாம்பிள் நன்றாக வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சி. இன்னொன்று, கணக்கு வரி: எத்தனை பீஸ், எந்தத் தேதி, என்ன விலை, எது அப்ரூவ் ஆனது, யார் தவறு. குறியும் சுருக்கமும் பேச்சு வரியோடு நிற்கட்டும். கணக்கு வரியில் எழுத்தும் எண்ணும் போதும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் மெர்ச்சண்டைசிங்கில் இருந்தவன். நாம் அனுப்பும் மெயிலை அந்தப் பையர் மட்டும் படிப்பதில்லை என்பது புரியவே எனக்கு மூன்று சீசன் ஆனது. தாமதம் என்று நீங்கள் எழுதுகிற வரியை அவர் அப்படியே தம் ஷிப்பிங் பிரிவுக்கு அனுப்புவார். தரம் பற்றிய வரி அவர்களுடைய க்யூ.சி.க்குப் போகும். பிறகு தள்ளுபடி கேட்டு டெபிட் நோட் வரும்போது அதே மெயிலின் பிரிண்ட் அதன் கூடவே வரும். அடுத்த சீசனில் பையர் மாறிவிடுவார். புதிதாக வருபவர் பழைய மெயில் சங்கிலியைக் கீழிருந்து மேலாகப் படித்துத்தான் உங்களை அறிந்துகொள்வார். அவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. உங்கள் 😔 அவருக்கு வெறும் மஞ்சள் வட்டம்.

ஆச்சரியக்குறியை முதலில் எடுத்துக்கொள்வோம். நல்ல சேதி யாருடையதோ அவருடைய வரியில்தான் அது பொருந்தும். பையர் புதுக் கடை திறக்கிறார், சாம்பிளை ஒரே சுற்றில் ஓகே செய்கிறார், விடுமுறைக்குப் போகிறார் என்றால் ஓர் ஆச்சரியக்குறி இடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நாம் கேட்கிற இடத்தில் அது வரக்கூடாது. ‘இன்றே அப்ரூவல் தாருங்கள்!’ என்றால் விரட்டுவதுபோல் இருக்கும். நாம் சமாளிக்கிற இடத்தில் வந்தால் இன்னும் மோசம். ‘ஷிப்மென்ட் நிச்சயம் நேரத்துக்கு வந்துவிடும்!’ என்ற வரியைப் பார்த்ததும், அனுபவமுள்ள பையர் சரக்கு இன்னும் தையலுக்கே போகவில்லை என்று கணித்துவிடுவார். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறவருக்கு அந்தக் குறி தேவைப்படுவதில்லை. ஒரு மெயிலுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சப்ஜெக்ட் வரியில் ஒன்றுகூட வேண்டாம். அங்கே அவை குவிந்தால் விளம்பர மெயில்போலத் தெரியும், ஸ்பேம் வடிகட்டிகள் சந்தேகிக்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

லண்டன்காரர் ஏன் ‘எல்லாம் சரிதானே?’ என்று கேட்டார்? ஆச்சரியக்குறி இல்லாதது அவருக்குக் குறையாகப் படவில்லை. நேற்றுவரை இருந்தது இன்று திடீரென்று காணாமல் போனதைத்தான் கவனித்தார். நாலு மாதமாக ‘தேங்க்ஸ்!’ என்று எழுதியவர் ஒரு திங்கட்கிழமை ‘தேங்க்ஸ்.’ என்று முற்றுப்புள்ளி வைத்தால், தினமும் வாசலில் நின்று பேசுகிற பக்கத்து வீட்டுக்காரர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனதுபோல் இருக்கும். அந்த முதல் வரி ‘தேங்க்ஸ்!’ஸை மீண்டும் கொண்டுவந்துவிடுங்கள். அதற்குக் கீழே உள்ளதை மட்டும் குறி எதுவும் இல்லாமல் வையுங்கள். உங்கள் மேனேஜருக்கும் இதில் மறுப்பு இருக்காது. அவரை உறுத்தியது ஷிப்மென்ட் தேதிக்குப் பக்கத்தில் நின்ற சிரிப்பாகத்தான் இருக்கும்.

புதிய பையர் என்றால் அவர் முதலில் ஆரம்பிக்கட்டும். அவர் இரண்டு குறி போட்டால் நீங்கள் ஒன்று போடுங்கள், எப்போதும் ஒரு படி கீழே நில்லுங்கள். சரக்கை வாங்குகிறவர் அவர். இறங்கிப் பேசும் சுதந்திரம் நம்மைவிட அவருக்கு அதிகம். இதில் நியாயமில்லை என்று சிலர் சொல்வார்கள். இல்லைதான்.

ஜெர்மன் பையர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் மொழியில் கட்டளை, வேண்டுகோள் வாக்கியங்களுக்குப் பின் ஆச்சரியக்குறி இடுவது இலக்கண வழக்கம். கடிதத்தில் ‘மதிப்புக்குரிய’ என்று தொடங்கும் விளிக்குப் பின்னும் ஒரு காலத்தில் அதைத்தான் இட்டார்கள். இன்று பெரும்பாலும் கமா. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதுகிறவரிடமிருந்து ‘லேப் டிப்பை இன்று அனுப்பவும்!’ என்று வந்தால் அவர் கத்துகிறார் என்று நினைத்து மிரண்டுவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன் இப்படி ஒரு வரியைப் பார்த்து மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவருக்குப் பதில் எழுதும்போது நீங்கள் குறியே இடாமல் தேதியை மட்டும் எழுதுங்கள். நமக்கும் இதேபோல் ஒரு பழக்கம் உண்டு. தமிழில் ‘அவையோரே!’, ‘நண்பர்களே!’ என்று விளிக்குப் பின் குறியிட்டே வளர்ந்ததால், ‘டியர் மேடம்!’ என்று கை தானாக எழுதிவிடும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு அது மேடைப் பேச்சின் தொடக்கம்போலத் தெரியும். கமா போதும்.

இனி சுருக்கங்கள். இங்கேதான் உங்கள் மேனேஜரோடு எனக்குச் சண்டை. ‘டூ நாட்’ மரியாதை, ‘டோன்ட்’ அவமரியாதை என்பது நம் பள்ளிக்கூட விண்ணப்பக் கடிதத்திலிருந்து வந்த நம்பிக்கை. லண்டன் காதில் அது பல நேரம் தலைகீழாக விழும். ‘வி டோன்ட் ஹேவ் த ஃபேப்ரிக்’ என்றால் துணி இன்னும் வரவில்லை என்ற தகவல். ‘வி டூ நாட் ஹேவ் த ஃபேப்ரிக்’ என்றால், ‘எத்தனை தடவை சொல்வது, துணி இல்லை’ என்று மேசையைத் தட்டுவது. பேச்சில் சுருக்கமே இயல்பாக இருக்கும் மொழியில், விரித்துச் சொன்னால் அந்தச் சொல்லில் அழுத்தம் ஏறிவிடுகிறது. அதனால் ‘ஐல் செக்’, ‘தட்ஸ் ஃபைன்’, ‘இட்ஸ் ரெடி’ எல்லாம் பேச்சு வரியில் தாராளமாக வரலாம். அவற்றை விரித்து எழுதி, கீழே ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தால் மெயில் தாலுகா அலுவலக நோட்டீஸ்போல ஆகிவிடும்.

ஆனால் கணக்கு வரியில் எதிர்மறைச் சுருக்கம் கூடவே கூடாது. மரியாதை ஒரு காரணமே இல்லை. கண்ணின் அவசரம்தான் காரணம். ‘கேன்’ என்றால் முடியும், ‘கான்ட்’ என்றால் முடியாது. இரண்டுக்கும் இடையில் நிற்பது மேலே ஒரு சிறு கொம்பும் ஒரு டி எழுத்தும் மட்டுமே. காலையில் ரயிலில் நின்றபடி போனில் நூறு மெயிலைத் தள்ளிப் பார்க்கிறவர் அந்தக் கொம்பைத் தவறவிடுவது எளிது.

அந்தக் கொம்பு வழியிலேயே உடைந்துபோவதும் உண்டு. வேர்டில் தட்டச்சு செய்து மெயிலில் ஒட்டினால், அது நேரான கொம்பை வளைந்த கொம்பாக மாற்றியிருக்கும். எழுத்துக் குறியாக்கம் ஒத்துப்போகாத கணினியில் அந்த ஒரு குறி `canâ€™t` என்றோ `can?t` என்றோ விழும். எனக்கே நடந்தது. ஒரு வண்ணத்தில் கூடுதல் 600 பீஸ் தர முடியாது என்று எழுதினேன். பையரின் அலுவலகத்தில் அதைத் தங்கள் ஆர்டர் சிஸ்டத்தில் ஒட்டியபோது `can?t` ஆகிவிட்டது. அங்கிருந்த ஓர் இளம் ஊழியர், ‘கேன்’ என்று எழுத வந்து ஏதோ தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டு 600 பீஸைக் கணக்கில் சேர்த்துவிட்டார். பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. யார் மேலும் தவறில்லை, ஆனாலும் துணிக்கு அலைந்தது நான்தான். அன்றிலிருந்து ‘முடியாது’ என்றால் ‘கேன்நாட்’ என்று முழுதாகவே எழுதுகிறேன். அதைவிட நல்ல வழி, எதிர்மறையோடு நிறுத்தாமல் நடக்கப் போவதைச் சொல்வது. ‘14ஆம் தேதி முடியாது’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘21ஆம் தேதி தயார்’ என்று எழுதிவிட்டால், கொம்பு உடைந்தாலும் தேதி நிற்கும்.

விலை பேசும் மெயிலில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘வி’ என்பதோடு கொம்பும் டி எழுத்தும் சேர்ந்த சுருக்கம் ‘வி ஹேட்’ ஆகவும் இருக்கலாம், ‘வி வுட்’ ஆகவும் இருக்கலாம். அதன் பின்னால் ‘அக்ரீட்’ வந்தால், 2.10 டாலருக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம் என்று பொருள். ‘அக்ரீ’ வந்தால், ஒப்புக்கொள்ளத் தயார் என்று பொருள். கடைசி எழுத்து ஒன்று விட்டுப்போனால் முடிந்த பேரம் முடியாத பேரமாகிவிடும். விலை இருக்கிற வரியில் இரண்டு சொல்லையும் பிரித்தே எழுதுங்கள். ஜெர்மன் பையருக்கும், ஆங்கிலம் தாய்மொழியல்லாத வேறு யாருக்கும், பொதுவாகவே விரித்து எழுதுவது நல்லது. அவர்கள் காதில் அது தட்டுவதுபோல் விழாது, படிக்க எளிதாக மட்டும் இருக்கும். ‘ப்ளீஸ்’ என்பதில் உயிரெழுத்தை உருவியெடுப்பது, ‘யூ’வுக்கு ஒற்றை எழுத்துப் போடுவது ஆகியவை சுருக்கமே அல்ல, சோம்பல். பையர் எழுதினாலும் நீங்கள் எழுத வேண்டாம்.

எமோஜிக்கு வருவோம். நீங்கள் அனுப்பும் முகம் அவர் பார்க்கும் முகம் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவுட்லுக்கில் `:)` என்று தட்டினால் அது தானாகவே ஒரு சிரிப்பு முகமாக மாறும். பல பதிப்புகளில் அந்த முகம் விங்டிங்ஸ் என்ற எழுத்துருவின் ஓர் எழுத்து. அந்த எழுத்துருவில் சிரிப்பு முகம் இருக்கும் இடம் ஆங்கில `J`. அந்த எழுத்துருவைக் காட்டாத மெயில் செயலியில் திறந்தால் வாக்கியத்தின் முடிவில் தனியாக ஒரு `J` நிற்கும். ‘தேங்க்யூ J’ என்று வந்த மெயில்களைப் பார்த்து, ஜே என்பவர் யார் என்று நாங்கள் ஒரு வாரம் தேடியிருக்கிறோம். உண்மையான எமோஜியும் ஐபோனில் ஒரு மாதிரி, விண்டோஸில் ஒரு மாதிரி. நமக்கு 🙏 வணக்கமும் நன்றியும். பிரார்த்தனை என்று படிப்பவர்கள் உண்டு, இரண்டு பேர் கைதட்டிக்கொள்வதாகப் பார்ப்பவர்களும் உண்டு.

நம் தொழிலில் அதிகம் பயப்பட வேண்டியது 👍. 2021 மார்ச்சில் கனடாவின் சஸ்காச்சுவானில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், 80 டன்னுக்கு மேல் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதைப் படம் பிடித்து ஒரு விவசாயியின் போனுக்கு அனுப்பி, ‘உறுதிப்படுத்தவும்’ என்று கேட்டது. அவர் 👍 மட்டும் அனுப்பினார். நவம்பரில் விலை ஏறியிருந்தது, விதை வரவில்லை. ‘ஒப்பந்தம் கைக்கு வந்தது என்பதற்காகப் போட்ட கட்டை விரல் அது, சம்மதம் இல்லை’ என்றார் விவசாயி. 2023இல் நீதிமன்றம் அதைக் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2024இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. தீர்ப்பில் நான் கவனித்த இடம் வேறு. முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் ‘ஓகே’, ‘லுக்ஸ் குட்’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டு, சரக்கும் ஒழுங்காகக் கொடுத்து வந்திருக்கிறார். அந்தப் பழக்கம்தான் கட்டை விரலுக்கும் சம்மதம் என்ற பொருளைக் கொடுத்தது.

அது கனடா நீதிமன்றம், மெயிலும் இல்லை, போன் குறுஞ்செய்தி. இங்கே அது சட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லேப் டிப்பின் ஏ, பி, சி மூன்று ஷேடையும் படமெடுத்து அனுப்பி, பையர் 👍 மட்டும் போட்டால் எந்த ஷேடுக்குத் துணி போடுவீர்கள்? உடனே ஒரு வரி எழுதுங்கள்: ‘ஷேடு பி அப்ரூவ் ஆனதாக எடுத்துக்கொண்டு இன்று டையிங்குக்கு அனுப்புகிறேன்.’ அவர் மறுக்க வேண்டும் என்றால் அன்றைக்கே மறுப்பார். அதேபோல், அவர் தள்ளுபடி கேட்ட மெயிலுக்கு, பார்த்துவிட்டேன் என்பதற்காக நீங்கள் 👍 போடவே கூடாது. ‘மெயில் கிடைத்தது, நாளை மாலைக்குள் பதில் தருகிறோம்’ என்று எழுதுவதற்கு அரை நிமிடம் ஆகுமா? 😊 மட்டும், பையரே முதலில் அனுப்பிய நன்றி மெயிலுக்குப் பதிலாக, அந்த மெயிலில் வேறு எந்த விஷயமும் இல்லாதபோது போகலாம்.

இப்போது உங்கள் மெயில். குறிகளை அப்படியே விட்டு, தொடக்கத்தின் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

‘ஹாய்! நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்! 😊 ஒரு சின்ன அப்டேட்! நேவி நிறத்தில் டையிங் பிரச்சினை 😔 அதனால் எங்களால் குறித்த தேதியில் அனுப்ப முடியாது. கவலைப்படாதீர்கள், கூடிய சீக்கிரம் அனுப்பிவிடுவோம்! 🙏’

நாலு ஆச்சரியக்குறி, மூன்று எமோஜி, ‘கான்ட்’ ஒன்று, ‘டோன்ட்’ ஒன்று. இவற்றையெல்லாம் நீக்கினால் மெயில் சரியாகிவிடுமா என்று பாருங்கள். ஆகாது. புதிய தேதியே இதில் இல்லை. எத்தனை பீஸ் என்பது நாலாவது பத்தியில் கிடக்கிறது. குறிகள் இவ்வளவு வந்ததே, சொல்லக் கூசிய செய்தியை மூடத்தான். என் அனுபவத்தில் இது நல்ல அடையாளம்: கை தானாக முகத்தைத் தேடிப் போகிறது என்றால் அந்த வரியில் ஏதோ ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. எண்ணை எழுதியதும் முகம் தேவைப்படாது.

உங்கள் பிற பத்திகளில் இருந்த விவரங்களைக் கொண்டே மாற்றி எழுதினேன். சப்ஜெக்ட் வரியில் ஆர்டர் எண், பிறகு ‘நேவி 4,200 பீஸ்: ஜூன் 14க்குப் பதில் ஜூன் 21’. உள்ளே இப்படி:

‘வணக்கம். நேவி 4,200 பீஸ் ஜூன் 14 அன்று தயாராகாது. புதிய எக்ஸ்-ஃபேக்டரி தேதி ஜூன் 21. வெள்ளை, சாம்பல் 7,800 பீஸ் ஜூன் 14 அன்றே தயார்.

நேவி துணி வாஷ் ஃபாஸ்ட்னஸ் சோதனையில் 3 மட்டுமே பெற்றது. உங்கள் தேவை 4. துணி மறு டையிங்கில் இருக்கிறது. புதிய சோதனை அறிக்கையை ஜூன் 9 அன்று அனுப்புகிறேன்.

வெள்ளை, சாம்பலை முதலில் அனுப்பவா, மூன்றையும் ஜூன் 21 அன்று சேர்த்து அனுப்பவா? தூத்துக்குடியில் கப்பல் இடம் பிடிக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இந்தத் தாமதத்துக்கு வருந்துகிறேன்.’

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தயாராகாது’ என்பதை ‘வில் நாட்’ என்று விரித்து எழுதுங்கள். கடைசி வரி மட்டும் ‘ஐம் சாரி’ என்று சுருக்கமாகவே இருக்கட்டும். ‘வி அபாலஜைஸ் ஃபார் த இன்கன்வீனியன்ஸ்’ என்று எழுதினால் ஒலிபெருக்கியில் ரயில் தாமதம் அறிவிப்பதுபோல் இருக்கும். விமானத்தில் அனுப்பினால் செலவு யாருடையது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, கவனியுங்கள். அதை மேனேஜர் முடிவு செய்யும்வரை நீங்கள் எந்த வடிவத்திலும் எழுதக் கூடாது.

இந்த வரைவை அவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். பையர் பெரும்பாலும் அன்றே பதில் போட்டுவிடுவார், ‘சொன்னதற்கு நன்றி!’ என்று ஆச்சரியக்குறியோடும் போடுவார். அதற்குப் பதில் எமோஜி தேட வேண்டாம். டையிங் யூனிட்டுக்குப் போன் செய்து, துணி மெஷினில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.